பாட்டி, பூனை, கொல்லைக் கதவு: அறுபத்து மூன்று ஆங்கிலச் சொற்கள் தமிழுக்கு வந்த கதை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு மாடி அறையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்காதவர்கள். அப்பாவுக்கு வெளியூர் வேலை என்பதால் டெல்லியிலோ மும்பையிலோ படித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்கு வந்திருப்பார்கள். காதில் நல்ல தமிழ் இருக்கும், கைக்கு மட்டும் வராது. அவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று, ஒரு சின்ன ஆங்கிலப் பத்தியைத் தமிழில் எழுதிக்கொண்டு வருவது. அப்படி ஒரு பத்தி, ஒரு மாணவியின் நோட்டில் மூன்று வாரத்தில் மூன்று தடவை மாறியது. அந்த மாற்றங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பத்தி நானே எழுதியது, ஐந்தே வாக்கியம். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உரக்கப் படித்தால் புரிந்துவிடும்.

“மை கிராண்ட்மதர், ஹூ ஹேட் லிவ்ட் இன் த சேம் ஹவுஸ் நியர் த ஸ்டேஷன் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ், நெவர் லாக்ட் த பேக் டோர். வென் ஷி வாஸ் டோல்ட் பை த நியூ டெனன்ட் தட் எ கேட் ஹேட் பீன் கமிங் இன் அண்ட் டிரிங்கிங் த மில்க், ஷி ஜஸ்ட் லாஃப்ட். ‘இட் வாஸ் ஹியர் பிஃபோர் யூ,’ ஷி செட். ஐ மிஸ் ஹெர் ஆன் ரெய்னி ஈவ்னிங்ஸ். ஷி ஹேட் நோ மனி, பட் ஷி ஹேட் டைம்.”

கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். சொல் தெரியாமல் தடுக்கினால் அகராதி கைகொடுக்கும். எல்லாச் சொல்லும் தெரிந்த பிறகும் தடுக்கும் இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் வாரம்

மாணவி கொண்டுவந்தது இது:

“என் பாட்டி, யார் நாற்பது வருடங்களாக ஸ்டேஷனுக்கு அருகில் அதே வீட்டில் வாழ்ந்திருந்தாளோ, ஒருபோதும் பின் கதவைப் பூட்டவில்லை. அவள் புதிய குடித்தனக்காரரால் ஒரு பூனை உள்ளே வந்துகொண்டும் பாலைக் குடித்துக்கொண்டும் இருந்திருந்தது என்று சொல்லப்பட்டபோது, அவள் வெறுமனே சிரித்தாள். ‘அது உனக்கு முன்பு இங்கே இருந்தது’ என்று அவள் சொன்னாள். நான் மழை மாலைகளில் அவளைத் தவறவிடுகிறேன். அவள் பணம் கொண்டிருக்கவில்லை, ஆனால் அவள் நேரம் கொண்டிருந்தாள்.”

சிரிக்காதீர்கள். இதே பெண் போனில் அம்மாவிடம் பேசும்போது ஒரு தப்பும் வராது. “அவள் நேரம் கொண்டிருந்தாள்” என்று வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டார். ஆங்கிலம் கண் முன்னால் இருந்தது, அதனால் காது மூடிக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பத்தியைப் பார்த்ததும் “இயல்பாக இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது சுலபம். அதனால் மாணவிக்கு ஒன்றும் கிடைக்காது. சில இடங்கள் வெறும் இயல்புக் குறைவு, சில இடங்கள் பொருளே பிழை. இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

பொருளே பிழையான இடம் “அவள் சொல்லப்பட்டபோது”. ஆங்கிலத்தில் யாரிடம் சொன்னார்களோ அவரையே எழுவாயாக்கிச் செயப்பாட்டு வினை அமைக்கலாம். தமிழில் அது நடக்காது. ‘சொல்லப்பட்டது’ என்றால் சொன்ன சேதிதான் எழுவாய். “பாட்டி சொல்லப்பட்டார்” என்றால், யாரோ பாட்டியைப் பற்றிச் சொன்னார்கள் என்ற மாதிரி ஆகிவிடும். ‘படு’ சேர்த்த வாக்கியம் தமிழுக்கு ஆகாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை; அரசாணையிலும் செய்தியிலும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. இங்கே சிக்கல் வேறு: அந்த வினை பாட்டிமேல் ஒட்டவே ஒட்டாது.

சரி, ஆங்கிலம் ஏன் இங்கே செயப்பாட்டு வினைக்குப் போனது? முந்தின வாக்கியம் பாட்டியைப் பற்றியது, இந்த வாக்கியத்தின் முடிவும் பாட்டி சிரித்ததைப் பற்றியது. நடுவில் குடித்தனக்காரர் முன்வரிசைக்கு வந்துவிட்டால் கவனம் சிதறும். ஆங்கிலத்தில் சொல் நிற்கிற இடம்தான் அதன் வேலையைச் சொல்லும் என்பதால், பாட்டியை முன்னால் நிறுத்த வினையையே திருப்பிப்போட வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த அவசியம் இல்லை. ‘பாட்டியிடம்’ என்று உருபைப் போட்டு வாக்கியத்தின் தலையில் வைத்துவிட்டால் பாட்டி முன்னாலேயே நிற்பார். வினை செய்வினையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். செயப்பாட்டு வினைக்குச் செயப்பாட்டு வினை தேட வேண்டாம், அது அங்கே செய்த வேலையைத் தமிழில் எது செய்யும் என்று பாருங்கள் என்றேன். மாணவி உடனே, “அப்போ ‘பாட்டியிடம்’ முதல்ல வந்தா போதுமா சார்?” என்றார். போதும்.

அதே வாக்கியத்தில் “இருந்திருந்தது” என்று ஒரு வால் தொங்குகிறது. ஆங்கிலத்தில் சொன்னது நேற்று என்றால், சொல்லப்பட்ட சேதியின் காலமும் ஒரு படி பின்னால் போகும். தமிழில் ‘என்று’ போட்டால், உள்ளே பேசினவரின் காலம் அப்படியே இருக்கும். குடித்தனக்காரர் வாயில் வந்தது “பூனை வந்து குடிச்சிட்டுப் போகுது” என்பதுதானே? அதை நிகழ்காலத்திலேயே வைத்து ‘என்று சொன்னார்’ என்றால் முடிந்தது. ‘குடித்துவிட்டுப் போகிறது’ என்பதில் அந்தப் ‘போகிறது’ சும்மா வந்ததல்ல. வேலையை முடித்துவிட்டு அதுபாட்டுக்குக் கிளம்பிவிடும் பூனை அதில் தெரிகிறது.

அடுத்து ‘அதே வீடு’. பாடப்புத்தகங்களிலும் இந்தத் தவறு ஒளிந்திருக்கும், யாரும் கவனிப்பதில்லை. ‘அதே’ என்றால் முன்னால் சொன்ன அந்த வீடு. இங்கே முன்னால் எந்த வீட்டையும் சொல்லவில்லை, கதையே இப்போதுதான் தொடங்குகிறது. வீடு மாறவே இல்லை என்பதுதான் பொருள்; அதற்கு ‘ஒரே’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சொல் ஒன்று, நமக்கு இரண்டு.

‘தவறவிடுகிறேன்’ பற்றிப் பேசவே வேண்டாம். பஸ்ஸைத் தவறவிடலாம், பாட்டியைத் தவறவிட முடியாது. பேச்சில் எல்லோரும் “மிஸ் பண்றேன்” என்கிறோம், மாணவிக்கும் அதுதான் வாயில் வந்ததாம். எழுத்தில் அதைப் போடக் கூடாது என்று தயங்கி அகராதிக்குப் போயிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகம் 1965-ல் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் மாதிரியான அகராதிகள் சொல்லுக்குச் சொல் கொடுக்கும், எந்த வாக்கியத்துக்குள் எது உட்காரும் என்று சொல்லாது. இந்த வேலைக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத் தலைகீழாகப் பயன்படுத்தச் சொல்வேன். 1992-ல் முதல் பதிப்பு வந்த அந்த அகராதி தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்கி, சொல் புழங்கும் வாக்கியங்களையும் எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஆங்கிலச் சொல்லைத் தேடாமல், நமக்குத் தோன்றும் தமிழ்ச் சொல்லைத் தேடி, அது யாரோடெல்லாம் சேர்ந்து வருகிறது என்று பார்க்கலாம். ‘தவறவிடு’ எதனோடு வரும் என்று பார்த்தாலே மாணவிக்கு விஷயம் விளங்கியிருக்கும்.

வாரக் கடைசியில் ஒரு யோசனை சொன்னேன். ஆங்கிலத் தாளை மூடி வையுங்கள். கதையை உங்கள் தோழிக்குச் சொல்வதுபோல ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னதை எழுதுங்கள். இந்த யோசனையில் பாதிதான் சரி என்பது அடுத்த ஞாயிறு தெரிந்தது.

இரண்டாம் வாரம்

“எங்கள் பாட்டி ரொம்ப நல்ல மனசுக்காரர். யார் வந்தாலும் போனாலும் கொல்லைக் கதவு திறந்தேதான் கிடக்கும். நாற்பது வருஷமும் அப்படித்தான். குடியிருந்தவர்கள் பூனை வந்து பாலைக் குடிக்கிறது என்று சண்டைக்கு வந்தால், ‘வாயில்லா ஜீவன், குடிச்சிட்டுப் போகட்டும், உங்களுக்கு முன்னாடி குடிவந்தது அதுதானே’ என்று சிரித்துவிடுவார். மழை வந்தால் பாட்டி ஞாபகம் வந்து அழுகையாக வரும். பாவம், கையில் காசில்லாவிட்டாலும் எங்களுக்காக நேரம் ஒதுக்கினார்.”

வகுப்பில் படித்தபோது கைதட்டினார்கள். உண்மையிலேயே நல்ல தமிழ். ‘பின் கதவு’ போய்க் ‘கொல்லைக் கதவு’ வந்துவிட்டது, ‘அவள்’ ஒன்றுகூட இல்லை. நானும் ஒரு நிமிடம் மயங்கித்தான் போனேன்.

அப்புறம் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். இல்லாமல் போனது நீலப் பேனா, புதிதாக முளைத்தது சிவப்புப் பேனா. ஸ்டேஷன் போய்விட்டது, ஒரே வீடு என்பது போய்விட்டது, குடித்தனக்காரர் புதியவர் என்பதும் போய்விட்டது. நல்ல மனசு, சண்டை, வாயில்லா ஜீவன், அழுகை, பாவம், ‘எங்களுக்காக’ எல்லாம் சிவப்பு. ஒருநாள் நடந்த சம்பவம் ‘சிரித்துவிடுவார்’ என்று வழக்கமாகிவிட்டது.

இவற்றில் பெரிய சேதம் கடைசி வாக்கியத்தில். ஆங்கிலத்தில் பாட்டிக்கு நேரம் இருந்தது, அவ்வளவுதான். ‘ஒதுக்கினார்’ என்றால் வேலைகளுக்கு நடுவில் சிரமப்பட்டுக் கொடுத்தார் என்றாகிறது. பாட்டியின் சொத்து தானமாக மாறிவிட்டது. ‘எங்களுக்காக’ சேர்ந்ததும், எழுதுகிற பேரனோ பேத்தியோ மையத்துக்கு வந்துவிட்டார்.

மாணவி கேட்ட கேள்வி நியாயமானது: “நேச்சுரலா இருக்கணும்னா இப்படித்தானே சார் வரும்? நம்ம ஊர்ப் பாட்டியைப் பத்திச் சொன்னா ‘பாவம்’ வராம இருக்குமா?” வரும்தான். கதை நம்முடையதாக இருந்தால் வரும். இது வேறொருவர் சொன்ன கதை, அவர் அழவில்லை. அழாமல் சொன்னார் என்பதே அந்தப் பத்தியின் குணம். தொல்காப்பிய மரபியல், ஒரு மூலத்திலிருந்து பிறக்கும் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது சுருக்குவதையும் விரிப்பதையும் மொழிபெயர்ப்பதையும் தனித்தனியாக எண்ணுகிறது. மாணவி செய்தது விரித்தல். தப்பில்லை, கேட்டது அதுவல்ல.

இரண்டு சோதனை

இந்த இடத்தில் என் வகுப்பில் வழக்கமாக இரண்டு சோதனை வைப்பேன். ஒன்று, ஆங்கிலத்தைப் பார்க்காத இன்னொரு மாணவர் தமிழைப் படித்துத் திரும்ப ஆங்கிலத்தில் சொல்வது. மற்றது, ஆங்கிலமே தேவைப்படாத ஒருவர் காதால் கேட்பது. இரண்டாவதற்கு எனக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறார்: கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர். மாடி வாடகையை வாங்க மாதம் ஒருமுறை மேலே வருவார், அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

முதல் வாரத்து வரைவையும் இரண்டாம் வாரத்து வரைவையும் முதல் சோதனைக்கு அனுப்பினோம். நடந்தது வகுப்புக்கே வேடிக்கையாக இருந்தது. அந்த “நேரம் கொண்டிருந்தாள்” வரைவு, சுத்தமாக, ஏறக்குறைய ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலமாகத் திரும்பி வந்தது. எனக்குப் பிடித்த இரண்டாவது வரைவு எங்கேயோ போய் நின்றது.

காரணம் யோசித்தால் எளிது. முதல் வரைவு ஆங்கிலம்தான், தமிழ்ச் சட்டை போட்டிருந்தது. சட்டையைக் கழற்றினால் உள்ளே இருந்தது வெளியே வரும். ஆகவே திரும்ப மொழிபெயர்த்துப் பார்க்கும் சோதனை, பொருள் சிந்தியிருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். தமிழ் நன்றாக இருக்கிறதா என்று காட்டாது. சொல்லப்போனால் மோசமான தமிழுக்குத்தான் அதில் கூடுதல் மார்க். காதால் கேட்கும் சோதனைக்கு நேரெதிர்க் குறை: இரண்டாவது வரைவைக் கேட்ட வீட்டுக்காரர், “நல்லா இருக்கும்மா” என்றார். ஸ்டேஷன் காணாமல் போனது அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றை மட்டும் வைத்து மார்க் போடும் வகுப்புகள் ஏன் ஒரு பக்கமாகவே சாய்கின்றன என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

காதுச் சோதனையில் ஒரே ஓர் இடத்தில் அவர் தப்பான நேரத்தில் சிரித்தார். “குடியிருந்தவர்கள்”, “குடிக்கிறது”, “குடிச்சிட்டு”, “குடிவந்தது” என்று நாலு ‘குடி’ வரிசையாக வந்த இடம். “ஏம்மா, பூனை பாலைத்தானே குடிச்சது?” என்றார். மாணவிக்கு ‘பூனை குடிவந்தது’ என்ற சிலேடை ரொம்பப் பிடித்திருந்தது, எனக்கும்தான். ஆங்கிலத்தில் இல்லாத நகைச்சுவை அது, அதுவும் காதில் இடறுகிறது என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

மூன்றாம் வாரம்

இந்தத் தடவை மாணவி ஆங்கிலத்தை மூடிவைத்துச் சொன்னார், பிறகு திறந்து வைத்துத் திருத்தினார். வீட்டுக்காரர் அன்று வாடகைக்காக இல்லாமல் கதை கேட்கவே வந்திருந்தார். இதில் மூன்று நான்கு இடங்களில் நேரம் போனது.

முதல் இடம் பாட்டியின் அறிமுகம். “நாற்பது வருஷமாக ஸ்டேஷன் பக்கத்தில் ஒரே வீட்டில் இருந்த என் பாட்டி” என்று மாணவி தொடங்கினார். இலக்கணத்தில் குறையே இல்லை. வீட்டுக்காரர் கையைத் தூக்கினார்: “அப்போ இன்னொரு பாட்டி எங்கே இருந்தாங்க?” எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் இது சரியான கேள்வி. ஆங்கிலத்தில் அந்த ‘ஹூ’வுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி இருக்கிறது. எந்தப் பாட்டி என்று அது அடையாளம் காட்டவில்லை, பாட்டியைப் பற்றிக் கூடுதலாக ஒரு தகவல் சொல்கிறது. தமிழில் ‘இருந்த பாட்டி’ என்ற பெயரெச்சம் இரண்டு வேலைக்கும் ஒன்றேதான். யாருக்கும் இரண்டு பாட்டி உண்டு என்பதால், கேட்பவர் மனம் அடையாளம் காட்டும் பக்கமே போகிறது. எனவே வாக்கியத்தை இரண்டாக வெட்டினோம். முதலில் பாட்டி இருந்த இடம், பிறகு கதவு. வெட்டியதில் ஒரு நஷ்டமும் உண்டு. ஆங்கிலத்தில் நாற்பது வருஷம் என்பது போகிறபோக்கில் சொன்னது, தமிழில் அது தனி வாக்கியமாகக் கொஞ்சம் கனத்துவிட்டது. அடுத்த வாக்கியத்தில் எழுவாயை விட்டுவிட்டதால் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

அடுத்து ஸ்டேஷன். “எந்த ஸ்டேஷன்? போலீஸ் ஸ்டேஷனா?” என்றார் அவர். சென்னையில் வெறுமனே ‘ஸ்டேஷன்’ என்றால் முதலில் போலீஸ்தான் நினைவுக்கு வரும். ரயில் என்றால் ரயில்வே ஸ்டேஷன் என்போம், இல்லையென்றால் ஊர்ப் பேரைச் சேர்த்து மாம்பலம் ஸ்டேஷன், திருமயிலை ஸ்டேஷன் என்போம். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தார் என்றால் கதையே மாறிவிடும். பாட்டிக்குத் திருடன் பயம் இல்லாததற்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது அல்லவா? ‘ரயில்வே’ சேர்ந்தது. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் ஆங்கிலத்தில் இருக்கும் பொருள் வருகிறது; இது சிவப்புப் பேனா போட வேண்டிய சேர்க்கை இல்லை.

அப்புறம் பூட்டு. மாணவி “பூட்டியதே இல்லை” என்று எழுதியிருந்தார். ‘ஒருபோதும் பூட்டவில்லை’ என்பதைவிட இது எவ்வளவோ மேல்; அந்த ஏகாரமே ‘ஒருபோதும்’ செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்காரர் விடவில்லை. “கொல்லைக் கதவுக்கு யார்மா பூட்டுப் போடுவா? தாழ்ப்பாள்தான்.” அகராதியில் பார்த்தால் ‘பூட்டு’தான் சரி. கதவைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. உள்ளே இருந்துகொண்டு கொல்லைக் கதவை அடைக்கிறவர் தாழ்ப்பாள் போடுவார். அதோடு அடுத்த வாக்கியத்தில் பூனை உள்ளே வருகிறது. பூட்டாமல் தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தாலும் பூனைக்கு வழி இல்லை, தாழ்ப்பாள் போடாத கதவைத்தான் தலையால் முட்டித் திறக்கும். பூனையே சாட்சி. தாழ்ப்பாள் என்று மாற்றினோம்.

இனி என் தவறு. ‘ஷி ஜஸ்ட் லாஃப்ட்’ என்பதற்கு நான் பல வகுப்புகளாகச் சொல்லிக்கொடுத்துவந்தது “சிரித்ததோடு சரி”. நல்ல வழக்குத் தொடர், ‘வெறுமனே சிரித்தார்’ மாதிரி உப்புச்சப்பில்லாமல் இருக்காது. மாணவியும் அதையே எழுதியிருந்தார். உரக்கப் படித்தார்: “பாட்டி சிரித்ததோடு சரி. ‘உங்களுக்கு முன்னாலேருந்தே அது இங்கதான் இருக்கு’ என்றார்.” படித்துவிட்டு அவரே நிறுத்தினார். “சார், சிரிச்சதோட சரின்னா அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம் இல்லையா? ஆனா பாட்டி பேசறாங்களே?” எனக்குப் பதில் இல்லை. அந்தத் தொடரின் அழகில் அடுத்த வாக்கியத்தை நான் பார்க்கவே இல்லை. ஆங்கிலத்து ‘ஜஸ்ட்’ இங்கே பேச்சை மறுக்கவில்லை, பதற்றத்தை மறுக்கிறது. குடித்தனக்காரர் எதிர்பார்த்தது கவலை, வந்தது சிரிப்பு. அப்படியென்றால் “பாட்டிக்குச் சிரிப்புதான் வந்தது”. இதைச் சொன்னதும் மாணவிதான். வேறு எதுவும் வரவில்லை என்பதை அந்தத் ‘தான்’ சொல்லிவிடுகிறது, சிரிப்பும் தானாக வந்ததாக ஆகிறது.

பாட்டி பேசும் வாக்கியத்தில் ‘யூ’ யார் என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலம் ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, ஒருவரா குடும்பமா என்று எதையும் சொல்லாமல் தப்பித்துவிடும். தமிழில் வாயைத் திறந்தாலே ஏதாவது ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடுவோம். ‘உனக்கு’ என்றால் உரிமை, ‘உனக்கும்மா’ என்றால் பெண். ‘உங்களுக்கு’ என்பது மரியாதையாகவும் இருக்கலாம், குடும்பத்தையே சேர்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம். குறைவாகக் காட்டிக்கொடுப்பது அது, அதனால் அது நின்றது.

‘மிஸ்’ஸுக்கு நான் ‘ஏங்குகிறேன்’ என்று சொல்லிப் பார்த்தேன், மாணவி முகம் சுளித்தார். காதல் கடிதம் மாதிரி இருக்கிறதாம். ‘ஞாபகம் வருகிறது’ என்பதில் இழப்பு போதவில்லை; பாட்டி பக்கத்துத் தெருவில் இருந்தாலும் ஞாபகம் வரும். கடைசியில் “பாட்டி இல்லாதது தெரிகிறது” என்று வந்து நின்றோம். பாட்டி இறந்துவிட்டார் என்று ஆங்கிலம் எங்கேயும் சொல்லவில்லை, காலத்தை வைத்து நாம்தான் ஊகிக்கிறோம். ‘இல்லாதது’ என்ற சொல்லும் அதே அளவு வாயை மூடிக்கொண்டிருக்கிறது: இந்த இடத்தில் இல்லை என்றும் எடுக்கலாம், இந்த உலகத்தில் இல்லை என்றும் எடுக்கலாம்.

நோட்டில் கடைசியாக இருந்தது இப்படி:

“என் பாட்டி நாற்பது வருஷமாக ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தார். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதே இல்லை. பாட்டியிடம், ஒரு பூனை வந்து வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகிறது என்று புதிதாகக் குடிவந்தவர் சொன்னார். பாட்டிக்குச் சிரிப்புதான் வந்தது. ‘உங்களுக்கு முன்னாலேருந்தே அது இங்கதான் இருக்கு’ என்றார். மழை பெய்கிற சாயங்காலங்களில் பாட்டி இல்லாதது தெரிகிறது. பாட்டியிடம் காசு கிடையாது. நேரம் இருந்தது.”

‘வந்து வந்து’ என்ற அடுக்கை மாணவி வைத்த காரணம், அது ஒருநாள் கூத்து அல்ல என்று காட்ட. ‘தினமும்’ என்று போட்டிருந்தால் ஆங்கிலத்தில் இல்லாத கணக்கு வந்திருக்கும்.

தீராமல் நின்றது

கடைசி இரண்டு வாக்கியங்களில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஆங்கிலத்தில் ‘ஹேட்’ இரண்டு தடவை வருகிறது, காசும் நேரமும் ஒரே தராசில் வைத்த மாதிரி. நமக்கு அந்த ஒற்றை வினை கிடையாது. காசு ஒருவரிடம் இருக்கும், நேரம் ஒருவருக்கு இருக்கும். “பாட்டியிடம் காசு இல்லை, பாட்டிக்கு நேரம் இருந்தது” என்றால் உருபு மாறித் தராசு உடைகிறது. இரண்டாவது வாக்கியத்தில் பாட்டியையே எடுத்துவிட்டு “நேரம் இருந்தது” என்று மட்டும் வைத்ததில் அந்தச் சிக்கல் கண்ணில் படாமல் போனது. ‘ஆனால்’ வேண்டாம் என்றதும் மாணவிதான்; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதிர்மறை தானே விளங்கும் என்றார். எனக்கு அதில் பாதி மனம்தான்.

காசு ‘இல்லை’யா, ‘கிடையாது’வா? ‘இல்லை’ என்றால் அந்தச் சமயத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ‘கிடையாது’ என்றால் எப்போதுமே இல்லை என்ற பக்கம் சாய்கிறது. திரும்ப மொழிபெயர்த்த மாணவர், மற்ற எல்லாவற்றையும் கிட்டத்தட்ட அப்படியே கொண்டுவந்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் ‘நெவர் ஹேட் எனி மனி’ என்று எழுதினார். ஆங்கிலத்தில் அந்த ‘நெவர்’ கதவுக்கு மட்டும்தான் இருந்தது. இதைக் காட்டி ‘இல்லை’ என்று மாற்றச் சொன்னேன். மாணவி மாற்றிப் படித்துப் பார்த்தார்: “பாட்டியிடம் காசு இல்லை. நேரம் இருந்தது.” வீட்டுக்காரருக்கு இரண்டில் எது என்று கேட்டோம். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. “அந்தப் பூனை அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாணவி ‘கிடையாது’ என்றே வைத்துக் கொடுத்தார். நான் அதன்மேல் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டேன். அடுத்த வாரம் நோட்டைப் பார்த்தபோது கேள்விக்குறியை ரப்பரால் அழித்திருந்தார், சொல்லை மாற்றவில்லை.